உங்க பேர்ல எத்தனை சிம்? பார்க்கிறது சுலபம், பட்டனை அமுக்கறதுலதான் கவனம் வேணும்

வணக்கம். "உங்க ஆதார்ல இன்னொரு சிம் ஓடுது, ரெண்டு மணி நேரத்துல உங்க எல்லா நம்பரும் கட் ஆகிடும், ஒன்பதை அமுக்குங்க"ன்னு ஒரு கால் வருது இல்லையா, அதுக்கு நிறைய பேர் பயந்துடறாங்க. அந்தக் கால் மோசடிதான், சந்தேகமே வேண்டாம். தொலைத்தொடர்புத் துறை யாருக்கும் போன் போட்டு இப்படி மிரட்டாது. ஆனா நம்ம பேர்ல நமக்கே தெரியாம ஒரு சிம் ஓடுறது நிஜமாவே நடக்கிற விஷயம். அதை நீங்களே உட்கார்ந்த இடத்துல பார்த்துக்கலாம், காசு கிடையாது.

பிரவுசர்ல sancharsaathi.gov.in அப்படின்னு நீங்களே டைப் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல யாராவது அனுப்புற லிங்க் வழியா போகாதீங்க. முகவரி gov.in-ல முடியுதான்னு பாருங்க. இது மத்திய அரசோட தளம், 2023 மே மாசம் வந்தது. உள்ள பொதுமக்களுக்கான சேவைகள்ல Know Mobile Connections in Your Name-னு ஒண்ணு இருக்கும். அதுக்கு முன்னாடி இருந்தே டாஃப்காப்ங்கிற பேர்ல ஓடின சேவைதான் இது. அதனால சில பேர் இன்னும் டாஃப்காப்னுதான் சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணுதான். பத்து இலக்க நம்பர் போடணும், படத்துல இருக்கிற எழுத்தைப் போடணும், ஓடிபி வரும், அதைப் போட்டா பட்டியல் வந்துடும்.

இங்கதான் முதல் குழப்பம். பட்டியல் போனை கையில வச்சிருக்கிறவரோடது இல்ல. நீங்க போட்ட நம்பர் யார் பேர்ல வாங்கினதோ, அவரோட பட்டியல். உங்க சிம்மை அப்பா ஆதார் கொடுத்து வாங்கியிருந்தா, உங்க நம்பரைப் போட்டா அப்பாவோட பட்டியல்தான் வரும். "எனக்கு எட்டு சிம் இருக்காம்"னு பதறுற பாதி பேர் கதை இதுதான். அதனால முதல்ல உங்க கையில இருக்கிற சிம் யார் பேர்ல இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. இன்னொண்ணு, பழைய சிம்முக்கு வாக்காளர் அட்டையும் புது சிம்முக்கு ஆதாரும் கொடுத்திருந்தீங்க, பேரும் ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, ஒண்ணுல பின்னாடின்னு இருந்தா, எல்லாம் ஒரே பட்டியல்ல சேராம போகலாம். உங்ககிட்ட ரெண்டு நம்பர் இருந்தா ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

பட்டியல்ல நம்பர் முழுசா தெரியாது, சில இலக்கத்தை மறைச்சுத்தான் காட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் மூணு தேர்வு இருக்கும். Not My Number, Not Required, Required. இந்த மூணுல எதையும் உடனே தொடாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்துட்டு வெளியே வந்துடுங்க. பட்டியலைப் பார்த்தா மட்டும் ஒண்ணும் ஆகாது, தப்பா ரிப்போர்ட் பண்ணினாத்தான் வில்லங்கம்.

ஏன்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன். விழுப்புரம் பக்கம் ஒரு குடும்பம்னு வச்சுக்கோங்க. வீட்டுப் பெரியவர் பேர்ல ஆறு நம்பர் காட்டுது. அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அவரோடது. மீதி அஞ்சையும் "என் நம்பர் இல்ல"ன்னு தட்டிவிட்டா என்ன ஆகும்? பொறுமையா விசாரிச்சா, ஒண்ணு மனைவியோடது, அவங்களுக்கு எரிவாயு மானியம் வர்ற பேங்க் கணக்குல இருக்கிற நம்பர். ஒண்ணு கோயம்புத்தூர்ல படிக்கிற பையனோடது, மூணு மாசம் முன்னாடி வாங்கினது. இன்னொண்ணு ஊர்ல இருக்கிற அம்மாவோட பட்டன் போன்ல. ஆக நாலு ஆச்சு.

அஞ்சாவது நம்பரை வீட்ல யாருக்குமே தெரியல. இந்த மாதிரி இருக்கிறப்போ போனைத் தேடாதீங்க, சிம் போடுற மத்த சாமானைத் தேடுங்க. கொரோனா நேரத்துல ஆன்லைன் கிளாஸுக்கு வாங்கின வைஃபை டாங்கிள், தோட்டத்துல போட்ட சிம் கேமரா, குழந்தையோட வாட்ச், மோட்டார் கொட்டாய்ல இருக்கிற மொபைல் ஸ்டார்ட்டர். பம்ப்செட்டை போன்லயே போட்டு நிறுத்துற பெட்டி இருக்கே, அதுக்குள்ள ஒரு சிம் இருக்கும். பல பேர் அதை மறந்தே போயிடறாங்க. சிம்மைக் கழட்டி சாதாரண போன்ல போட்டு இன்னொரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தா நம்பர் தெரிஞ்சிடும். ரீசார்ஜ் இல்லாம கால் போகலன்னா, சிம் அட்டையிலயே 8991-ன்னு ஆரம்பிக்கிற நீளமான எண் அச்சடிச்சிருக்கும். அதை எடுத்துக்கிட்டு அந்தக் கம்பெனியோட சொந்த ஷோரூமுக்கு அடையாள அட்டையோட போனா சொல்லிடுவாங்க. நம்ம உதாரணத்துல அந்த அஞ்சாவது, மோட்டார் ஸ்டார்ட்டரோட சிம்.

ஆறாவது? யாரோடதும் இல்ல. எந்தச் சாமான்லயும் இல்ல. இப்போதான் Not My Number.

அதைத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் கொடுத்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அதை எழுதி வைங்க, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுங்க. அதே தளத்துல அந்த எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்கலாம். நம்பர் அன்னைக்கே கட் ஆகாது. புகார் அந்தக் கம்பெனிக்குப் போகும், அவங்க அந்த சிம்மை வச்சிருக்கிறவரை மறுபடி அடையாளத்தை நிரூபிக்கச் சொல்வாங்க, நிரூபிக்க முடியலன்னா இணைப்பைத் துண்டிப்பாங்க. அம்மாவோட நம்பரை தப்பா தட்டிட்டா இதே சிக்கல்ல மாட்டுறது உங்க அம்மாதான். அப்படித் தவறிப்போய் தட்டிட்டீங்கன்னா சும்மா காத்திருக்காதீங்க, சிம் யார் பேர்ல இருக்கோ அவரையே அடையாள அட்டையோட கம்பெனி ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க.

Not Required வேற விஷயம். அது நம்மளே வாங்கி, இப்போ வேண்டாம்னு விட்ட நம்பருக்கு. ஆனா அதைத் தட்டுறதுக்கு முன்னாடி அந்த நம்பர் பேங்க், யூபிஐ, ஆதார், பிஎஃப் எதுலயாவது இருக்கான்னு பார்த்து மாத்திடுங்க. துண்டிச்ச நம்பரை குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம். உங்க பேங்க் ஓடிபி அவர் போனுக்குப் போய் நிக்கும்.

Required-ஐ பல பேர் எல்லாத்துக்கும் போட்டு வைக்கிறாங்க. சரியா இருக்கிற நம்பருக்கு நீங்க எதுவுமே பண்ணலன்னாலும் அது பாட்டுக்கு ஓடும்.

சரி, அந்த ஆறாவது சிம் எப்படி வந்திருக்கும்? ரோட்டோரம் குடை போட்டு சிம் விக்கிற இடத்துல, "ரேகை விழல சார், இன்னொரு தடவை வைங்க"ன்னு சொல்றது பழைய தந்திரம். முதல் ரேகையில உங்க சிம், ரெண்டாவது ரேகையில இன்னொரு சிம். நிஜமாவே ரேகை விழாமலும் போகும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. ஜெராக்ஸ் கொடுத்து வாங்கின காலத்துல அதே ஜெராக்ஸை இன்னொரு தடவை பயன்படுத்தினதும் உண்டு. 2024 ஜனவரியிலிருந்து காகித முறையை நிறுத்திட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி எடுத்த சிம் இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கலாம்.

ரேகை வழியா நடந்திருந்தா தடயம் இருக்கும். myaadhaar.uidai.gov.in-ல ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு உள்ள போனா, Authentication History-னு ஒரு பகுதி இருக்கு. உங்க ஆதாரை எந்த நிறுவனம், எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு, ரேகையிலயா ஓடிபியிலயா சரிபார்த்ததுன்னு வரிசையா காட்டும். கடைசி ஆறு மாசம் வரைக்கும்தான் கிடைக்கும், அதனால தள்ளிப்போடாதீங்க. விழுப்புரம் உதாரணத்துல, பையனுக்கு சிம் வாங்கின நாளைப் பாருங்க. முதல் வரி தோல்வி, 300-ங்கிற பிழை எண், அடுத்த வரி வெற்றின்னு இருந்தா ரேகை ஒத்துப்போகல, மறுபடி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். சில நிமிஷ இடைவெளியில ரெண்டு வெற்றி இருந்தா யோசிக்கணும். ஒரே சிம்முக்கே ஒண்ணுக்கு மேல சரிபார்ப்பு நடக்கலாம், அதனால இதை மட்டும் வச்சு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. ஆனா பட்டியல்ல தெரியாத நம்பரும் இருந்து, இங்க இப்படியும் இருந்தா, அந்தத் தேதியும் நேரமும் புகார்ல எழுத வேண்டிய முக்கியமான வரி.

புகார் கொடுத்து நாளாகியும் நம்பர் பட்டியல்லயே இருந்தா, அந்தக் கம்பெனியோட சிம்லேருந்து 198-க்குப் போன் பண்ணி புகார் எண் வாங்குங்க. அது சரிப்படலன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அந்த நம்பரை வச்சு யாராவது பணம் ஏமாத்தினாங்கன்னு தெரிய வந்தா, இல்ல உங்க பணமே போயிருந்தா, 1930-க்கு உடனே போன் பண்ணுங்க, cybercrime.gov.in-லயும் பதிவு பண்ணுங்க. நாளைக்கு போலீஸ் விசாரணைன்னு வந்தாலும், "நான் இந்தத் தேதியிலேயே இது என்னோடது இல்லன்னு சொல்லியிருக்கேன்"னு காட்ட முன்னாடி எடுத்து வச்ச குறிப்பு எண் உதவும்.

எத்தனை சிம் வச்சுக்கலாம்னும் கேப்பீங்க. எல்லாக் கம்பெனியும் சேர்த்து ஒருத்தர் பேர்ல ஒன்பது. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்கள்ல ஆறு. வீட்ல எல்லாருக்கும் ஒரே ஆள் பேர்ல வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல அதிகம். டாங்கிள், மோட்டார் ஸ்டார்ட்டர்னு சேர்ந்தா ஒன்பது சீக்கிரமே நிரம்பிடும். பெரிய பிள்ளைங்க நம்பரை அவங்கவங்க பேருக்கு மாத்திடுறது நல்லது.

கடைசியா ரேகைப் பூட்டு. அதே மை ஆதார் தளத்துல பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வைக்கலாம். லாக்ல இருக்கும்போது யார் உங்க விரலை எந்த மெஷின்ல வச்சாலும் 330-ன்னு பிழை வரும், சரிபார்ப்பு நடக்காது. ரேஷன் கடையில விரல் வைக்கிறவங்க இதை யோசிச்சுப் போடுங்க, பொருள் வாங்கப் போறப்போ திறக்கணும். சிம் வாங்கப் போறப்பவும் தற்காலிகமா திறந்தா போதும், கொஞ்ச நேரத்துல அதுவே பூட்டிக்கும். கடையில "இன்னொரு தடவை வைங்க"ன்னு சொன்னா, விரல் வைக்கிறதுக்கு முன்னாடி மெஷினோட திரையில என்ன பிழை வந்திருக்குன்னு காட்டச் சொல்லுங்க.