ரீசனிங்: இருக்கை அமைப்புக் கணக்குகளுக்கு ஆறு வாரத் திட்டம்

[திரையில்: ஒரு வெள்ளைத் தாள், பென்சில்]

வணக்கம். அரசு வேலைத் தேர்வின் ரீசனிங் பகுதியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் பலர், எட்டுப் பேர் வட்டமாக அமரும் கணக்கை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடிவிட்டு, இது நமக்கு வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கணக்கு கடினமானது என்பதைவிட, அதற்கு முந்தைய படிகளை ஏறாமல் வந்ததே இதற்குக் காரணம். அதனால் இந்த வீடியோவில் இருக்கை அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, எளிய செட்டிலிருந்து கடினமான செட் வரை எப்படிப் போவது என்று பார்ப்போம்.

முதல் வாரம் திசை அறியும் கணக்குகளோடு போகட்டும். வடக்கு நோக்கி நிற்பவர் வலப்புறம் திரும்பினால் கிழக்கு, தெற்கு நோக்கி நிற்பவர் திரும்பினால் மேற்கு என்பது யோசிக்காமலே வரும்வரை பழகினால் போதும்.

[திரையில்: ஐந்து கட்டங்கள், 1 முதல் 5 வரை எண்களுடன்]

இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் நேர்வரிசைக்கு உரியவை. ஒரு செட்டை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். கமலா, ரவி, மணி, செல்வி, பாபு ஆகிய ஐவரும் வடக்கு நோக்கி ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். செல்வி ஒரு முனையில் இருக்கிறார். செல்விக்கும் மணிக்கும் இடையில் இருவர் இருக்கிறார்கள். மணியின் வலப்பக்கத்தை ஒட்டி ரவி இருக்கிறார். பாபு ரவியை ஒட்டி அமர்ந்திருக்கிறார்.

முதல் குறிப்பு எந்த முனை என்று சொல்லவில்லை. புதியவர் இந்த இடத்தில்தான் சறுக்குவார்: செல்வியை இடது முனையில் எழுதிவிட்டு, கடைசிக் குறிப்பில் முட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். அப்படிச் செய்யாமல், தொடக்கத்திலேயே இரண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்துகொள்ளுங்கள். மேல் வரிசையில் செல்வி 1, கீழ் வரிசையில் செல்வி 5. இடையில் இருவர் என்பதால் மணி மேலே 4இலும் கீழே 2இலும் வருகிறார். அவருக்கு வலப்பக்கம் ரவி என்றால் மேலே 5, கீழே 3. இப்போது பாபுவை வைக்க வேண்டும். மேல் வரிசையில் ரவி முனையில் இருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் உள்ள ஒரே இடத்தில் ஏற்கெனவே மணி இருப்பதால் அந்த வரிசையை அடித்துவிடலாம். கீழ் வரிசையில் பாபு 4இல் அமர்கிறார், மீதமுள்ள 1 கமலாவுக்கு. விடை: கமலா, மணி, ரவி, பாபு, செல்வி.

[திரையில்: மேல் வரிசையின் மீது கோடு விழுகிறது]

தொடக்கத்தில் இத்தகைய செட் ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் கவலையில்லை, கடிகாரத்தை ஒதுக்கி வையுங்கள். அடுத்தடுத்து ஐந்து செட்கள், அழிக்காமல், விடைப் பக்கத்தைப் பார்க்காமல் சரியாக வந்த பிறகுதான் நேரம் குறிக்கத் தொடங்க வேண்டும். அடுத்த படிக்குப் போவதற்கு என் அளவுகோலும் அதுதான், நாள்காட்டி அல்ல. ஆறு வாரம் என்பது எட்டு வாரமானாலும் பரவாயில்லை.

நான்காவது வாரத்தில் வட்டத்திற்கு வருகிறோம். வட்டத்துக்கு முனை கிடையாது, ஆகவே முதல் நபரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். அந்த வகையில் இது நேர்வரிசையைவிட எளிது. சிக்கல் திசையில் இருக்கிறது. மையத்தை நோக்கி அமர்ந்தவரின் வலப்பக்கம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போகும், வெளிப்புறம் நோக்கியவருக்கு அது கடிகாரத் திசையில் போகும். இதை மனப்பாடம் செய்வதைவிட, தாளில் வட்டத்தின் அடிப்பக்கத்தில் நீங்களே அமர்ந்து மையத்தைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு உங்கள் வலக்கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள்.

[திரையில்: எட்டு இடங்கள் கொண்ட வட்டம், உள்நோக்கியும் வெளிநோக்கியும் அம்புக்குறிகள்]

ஐந்தாவது வாரத்தில் சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் பார்க்கும் செட்களை எடுங்கள். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அம்புக்குறி போடாமல் அடுத்த குறிப்பைப் படிக்காதீர்கள். ஆறாவது வாரத்தில் இடத்தோடு தொழிலோ நிறமோ சேர்ந்து வரும். அவற்றில் உறுதியான குறிப்பை முதலிலும், ஏற்கெனவே வைத்த பெயரோடு தொடர்புடையதை அடுத்தும் எடுங்கள். ‘மருத்துவர் ஓரத்தில் இல்லை’ போன்ற மறுப்புக் குறிப்புகளை ஒதுக்கிவிடாமல், அந்த இடத்தின் அடியில் ஒரு பெருக்கல் குறியுடன் எழுதி வையுங்கள், இரண்டு வரிசைகளில் ஒன்றை அடிக்க அவைதான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

தவறிய செட்களுக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள். குறிப்பைத் தவறாகப் படித்தேனா, இடம் வலம் மாறியதா, இரண்டாவது வரிசையை வரையாமல் விட்டேனா என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். மூன்று நாள் கழித்து அதே செட்டை வெற்றுத் தாளில் போடுங்கள். அப்போதும் அதே இடத்தில் சிக்கினால், ஒரு படி இறங்கி அந்தத் தவறு வரும் எளிய செட்கள் நான்கைப் போட்டுவிட்டுத் திரும்புங்கள்.