எந்த வார்த்தை வலித்தது?

நேயர்களுக்கு வணக்கம். திருச்சியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வார்டனாக இருந்தேன். ஓர் அறைக்கு மூன்று பேர், நாற்பது அறைகள். வீட்டை விட்டு வந்த பெண்களுக்கு அங்கே சினேகிதிதான் எல்லாம். ஊருக்குப் பணம் அனுப்பியதையும், மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போனதையும், மாத்திரை போட மறந்ததையும் அவளிடம்தான் சொல்வார்கள். அந்த சினேகிதியே முதுகுக்குப் பின்னால் ஒன்றைச் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தால், அந்தப் பெண் நேராக என் அறைக்கு வருவாள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வந்து நிற்கிறவளுக்கு நாம் என்ன சொல்வது?

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். ஒருத்தி ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், இன்னொருத்தி ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். ஒரே அறை, மூன்று வருடப் பழக்கம். அன்றைக்குச் சாயங்காலம் லேப் பெண் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு முழம் மல்லி வாங்கி, பாதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, மீதியை இவளுக்கு வைத்துவிட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு இவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது, அறையில் இருந்த மூன்றாவது பெண் ஒரு வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். லேப் பெண்ணின் குரல். பேச்சு இவளைப் பற்றியது. முக்கால் நிமிடம்கூட இருக்காது.

ஒன்பதரைக்கு என் அறை வாசலில் நின்றாள். அழவில்லை. தலையிலிருந்து எடுத்த பூச்சரம் கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் ஒவ்வொரு மொட்டாக நாரிலிருந்து உருவிக்கொண்டே கேட்டாள்: "சாயங்காலம் இதை வெச்சு விடும்போது சிரிச்சாளேம்மா, அது என்ன சிரிப்பு?"

இந்தக் கேள்வியைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேருவார்கள். அவள் பேசிய பேச்சு ஒரு பக்கம். அதைப் பேசிவிட்டு நம்மிடம் வந்து எப்படிச் சிரித்தாள் என்பதுதான் தூங்கவிடாது. போன வாரச் சிரிப்பு, பிறந்தநாள் கேக், காய்ச்சலில் போட்டுத் தந்த கஞ்சி என்று மூன்று வருடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எது நிஜம், எது வேஷம் என்று ராத்திரி முழுக்கப் பிரித்துப் பார்ப்பார்கள். வள்ளுவர் புறங்கூறாமை அதிகாரத்தில் "புறனழீஇப் பொய்த்து நகை" என்கிறார். பின்னால் பழித்துவிட்டு முன்னால் பொய்யாகச் சிரிப்பது, அறத்தை அழித்துப் பாவம் செய்வதைவிடக் கொடியதாம். பேச்சோடு நிறுத்தாமல் அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள். ஆனால் அந்தப் பத்துக் குறளும் பேசுகிறவனைப் பற்றியே இருக்கின்றன. கேட்டுவிட்டு வந்து நிற்கிறவளுக்கு என்ன சொல்வது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நான் ஆரம்பத்தில் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு பெண் வந்தாள். அவளுக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்து, "அவளைப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்மா. அவ குணமே அதுதான்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் வாடிப் போனது. ஏன் என்று அப்போது புரியவில்லை. பிறகு யோசித்தேன். எல்லாருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் போயிற்றே, தான் அவ்வளவு ஏமாளியா என்றுதான் அவள் காதில் அது விழுந்திருக்கும். அதோடு முடியவில்லை. இரண்டு வாரத்தில் அந்த இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். நான் சொன்னது அந்த சினேகிதிக்கும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் இருவருமே என் அறைப் பக்கம் வரவில்லை. சினேகிதிகள் சேர்ந்துகொள்ளக் கூடும், அடிக்கடி சேர்ந்துகொள்வார்கள். அதனால் ஆறுதல் சொல்ல வந்தவர் இன்னொருத்தியைத் திட்டக் கூடாது. "என்னைப் பத்தியும் ஒரு தடவை இப்படித்தான் சொன்னா" என்று நம் கணக்கையும் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. அந்த ராத்திரிக்கு அவளிடம் இருக்கும் சுமையே போதும்.

"விடும்மா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்பதும் அப்படித்தான். நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனால் சீக்கிரம் சொன்னால் கதவைச் சாத்துகிற மாதிரி. அவள் இன்னும் பாதியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

சரி, அப்படியானால் என்னதான் கேட்பது? நான் ஒன்றே ஒன்றைக் கேட்பேன். "அவ சொன்னதுல எது உனக்கு ரொம்ப வலிச்சது?" முழுப் பேச்சும் வலித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் எந்த வார்த்தை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். முதலில் வரும் பதில் பெரும்பாலும் சொல்வதற்குச் சுலபமானதாக இருக்கும். உண்மையான பதில் அப்புறம்தான் வரும்.

இந்தப் பெண்ணிடமும் கேட்டேன். அந்த மெசேஜில் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, "பாவம் மாதிரி நடிப்பா." இரண்டு, "எல்லார்கிட்டயும் காசு வாங்கிடுவா." மூன்று, "அவங்க அப்பா குடிக்கிறதை மறைச்சுட்டு, நெஞ்சு வலின்னு கதை விடுறா." காசு விஷயம்தான் வலிக்கிறது என்றாள் முதலில். யாரிடமெல்லாம் வாங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். லேப் பெண்ணிடம் மட்டும்தானாம், 4,000 ரூபாய், ஏழு மாதம் ஆகிறது. அப்படியென்றால் 'எல்லார்கிட்டயும்' என்பது பொய். ஆனால் 4,000 நிஜம், திருப்பித் தரவில்லை என்பதும் நிஜம். அதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். சொல்லிவிட்டுப் பூவை உருவுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா விஷயம் அவ ஒருத்திக்குத்தாம்மா தெரியும்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

பாருங்கள், காசைப் பற்றியே பேசி அவளைத் தேற்றி அனுப்பியிருந்தால், அந்த அப்பா விஷயம் உள்ளேயே கிடந்திருக்கும். நடிக்கிறாள் என்பது ஓர் அபிப்பிராயம். காசு, பாதி நிஜத்தைப் பெரிதாக்கியது. அப்பா விஷயமோ நம்பிச் சொன்ன ரகசியம். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. அபிப்பிராயம் நாளாக ஆக ஆறிவிடும். பாதி நிஜத்துக்கு, அந்த நிஜப் பாதியைத் தீர்த்துவிட்டால் பாரம் குறையும். ரகசியம் வெளியே போனதற்கு ஆறுதல் வார்த்தை எதுவும் கிடையாது. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் அப்பாவைப் பற்றியே பேசினாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவள் தன் காதாலேயே கேட்டாள், சரி. பல சமயம் யாராவது வந்து, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், அவ உன்னைப் பத்தி இப்படிச் சொன்னா" என்று சொல்லித்தான் தெரியவரும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது, "நீயே கேட்டியா, யாராவது சொன்னாங்களா?" கொண்டுவந்து சேர்க்கிற பேச்சில் பதில் மட்டும் இருக்கும், கேள்வி இருக்காது. "அவ ஏன் சினிமாவுக்கு வரல?" என்று யாரோ கேட்டிருப்பார்கள். "அவளுக்கு இப்பக் கை இறுக்கம்" என்று இவள் பதில் சொல்லியிருப்பாள். கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் கொண்டுவந்தால், "உன்கிட்டக் காசு இல்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்றா" என்று ஆகிவிடும். கடைசியாகச் சொன்ன வாயை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு இவள் போனைக் கையில் எடுத்தாள். ஸ்டேட்டஸ் போடத்தான். துரோகம், முதுகில் குத்து என்று ஏதோ ஒரு வரி. நான் போனைப் பிடுங்கவில்லை. "காலையில போடலாமே, அதுக்குள்ள எங்க போயிடப் போகுது?" என்றேன். நான் கவனித்தது, ராத்திரி போட்ட ஸ்டேட்டஸைச் சம்பந்தப்பட்டவளைத் தவிர மற்ற எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். காலையில் பத்துப் பேர் "என்னாச்சுடி?" என்று கேட்பார்கள். இரண்டு பேருக்குள் இருந்தது பன்னிரண்டு பேர் விஷயமாகிவிடும். அப்புறம் பேசித் தீர்க்க நினைத்தாலும் முடியாது.

மறுநாள் நேரில் கேட்பது என்று அவளே முடிவெடுத்தாள். "நீங்களும் வாங்கம்மா" என்றாள். நான் போகவில்லை. ஆறுதல் சொல்கிறவர் தூது போகக் கூடாது, நடுவில் உட்காரவும் கூடாது. போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். ஆனால் என்ன கேட்பது என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். முதலில் அவள் ஏழெட்டுக் கேள்வி வைத்திருந்தாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றேன். வலித்த அந்த ஒன்றை. "நீ பேசினதை நான் கேட்டுட்டேன். எங்கப்பா விஷயத்தை ஏன் சொன்னே?" அவ்வளவுதான். நடிப்பு, காசு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால், எதிராளி தனக்குச் சுலபமான காசைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவாள்.

கேட்டாள். லேப் பெண் முதலில் திருப்பிக் கேட்டது, "யாரு போட்டுக் காட்டினா?" இது அடிக்கடி நடக்கும். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் வராது, வற்புறுத்திப் பயனில்லை. இவளும் எழுந்து வந்துவிட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. நான்காவது நாள் லேப் பெண்ணே வந்து சொல்லியிருக்கிறாள். அந்த 4,000 அவள் தம்பியின் காலேஜ் பீஸுக்காக எடுத்து வைத்தது. நெஞ்சு வலி என்று சொல்லி வாங்கியவளிடம் எப்படித் திருப்பிக் கேட்பது என்று ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. இவளிடம் கேட்க முடியாதது இன்னொருத்தியிடம் வசவாக வந்துவிட்டது. அப்பா விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். மாதம் ஆயிரமாக நான்கு தவணையில் பணம் தீர்ந்தது. ஒரே அறையில்தான் இருந்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் வீட்டு விஷயம் எதையும் இவள் அப்புறம் அவளிடம் சொன்னதில்லை. பழையபடி ஆகிவிடும் என்று அதனால்தான் நான் யாரிடமும் வாக்குக் கொடுப்பதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அந்த மூன்றாவது பெண்ணைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறுதல் சொல்லப் போகிறவரே சில சமயம் அந்தப் பேச்சு நடந்த இடத்தில் இருந்திருப்பார். அந்த மெசேஜுக்கு அவளும் "ஆமாடி" என்று பதில் போட்டிருந்தாளாம். "இப்ப அவளுக்கு ஆறுதல் சொல்லவே கூசுதும்மா" என்று என்னிடம் வந்தாள். "முதல்ல அதைச் சொல்லு, அவளாக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி" என்றேன். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கிற வரிசையில் சொல்லியிருக்கிறாள். இவள் ஒன்றும் பேசவில்லையாம். தன் வாளி நிறைந்ததும், குழாய்க்கு அடியில் அவள் வாளியை எடுத்து வைத்தாளாம்.

வணக்கம்.