9 லட்சமா, ஏழரை லட்சமா?

நேயர்களுக்கு வணக்கம். கையில் பேனாவும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்குச் சென்னையில் ஆண்டுக்கு 9 லட்சத்துக்கும் கோவையில் ஏழரை லட்சத்துக்கும் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் வித்தியாசம். ஆனால் ஆஃபர் கடிதத்தில் இருப்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அது அப்படியே வங்கிக் கணக்குக்கு வராது.

சென்னைக் கடிதத்தைப் பிரிப்போம். அடிப்படைச் சம்பளம் 4 லட்சம். நிறுவனம் கட்டும் பி.எஃப். அதில் 12 சதவீதம், 48,000. கிராஜுவிட்டி, காப்பீடு சேர்த்து 32,000. வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் பே 90,000. இவை போக மிச்சம் 7,30,000. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 48,000, தொழில் வரி 2,500 பிடித்தால் கைக்கு வருவது 6,79,500. கோவைக் கடிதத்தில் வேரியபிள் இல்லை. அடிப்படைச் சம்பளம் 3,60,000, கிராஜுவிட்டி, காப்பீடு சேர்த்து 26,800. இதே கணக்கில் 6,34,300 வருகிறது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் இந்த இரண்டு சம்பளத்துக்கும் வருமான வரி இல்லை. வீட்டு வாடகைப் படிக்கு அங்கே தனிச் சலுகை கிடையாது; அதன் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இனி செலவு. சென்னையில் வாடகை 20,000, கோவையில் 12,000 என்றால் ஆண்டுக்கு 96,000 வித்தியாசம். சென்னையில் பைக்கில் தினம் 44 கிலோமீட்டர், 240 வேலை நாள். பெட்ரோலும், டயர், சர்வீஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயும் சேர்த்தால் 34,000 ஆகும். பலர் பெட்ரோலோடு நிறுத்திவிடுகிறார்கள். கோவையில் கம்பெனி பஸ்ஸுக்கு 12,000 பிடிக்கிறார்கள்.

வேரியபிளை முழுசாக எழுதாதீர்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். 70 என்றால் 63,000. பதில் மழுப்பலாக வந்தால் பாதியாகவே போடுங்கள். பணம் பட்டுவாடா ஆகும் நாளில் வேலையில் இருந்தால்தான் தருவோம் என்ற வரியும் கடிதத்தில் இருக்கலாம். ஜாயினிங் போனஸை ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தரச் சொல்வார்கள். அதை ஆண்டுச் சம்பளத்தில் சேர்க்கவே கூடாது.

சென்னைக்கு அந்த 63,000-ஐக் கூட்டி, இரண்டு ஊரிலும் வாடகையையும் பயணச் செலவையும் கழித்தால் சென்னையில் 4,68,500 மிஞ்சும், கோவையில் 4,78,300. கோவைக்கு 9,800 கூடுதல். பி.எஃப். நம் பணம்தானே, இரு பங்கையும் சேர்ப்போம். சென்னையில் 96,000, கோவையில் 86,400. இதில் சென்னைக்கு 9,600 கூடுதல். ஆக, ஒன்றரை லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் 200 ரூபாயில் வந்து நிற்கிறது, அதுவும் கோவைப் பக்கம். கிராஜுவிட்டியை நான் சேர்க்கவில்லை. நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக 5 ஆண்டு முடிந்தால்தான் அது கைக்கு வரும்.

வாடகை இடத்தில் உங்கள் தெருவின் வாடகையைப் போட்டுப் பாருங்கள். சென்னையில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே 16,000-க்கு வீடு அமைந்தால், வாடகையில் மட்டும் 48,000 மிஞ்சி, முடிவு சென்னைக்குத் திரும்பிவிடும்.