கல்லாவில் கை விடுகிறவனுக்கு எதற்குச் சம்பளச் சீட்டு?

நடுவர் கேட்டது: "கடைக்கு வருகிற வீட்டுப் பிள்ளைக்கு வேலை, சம்பளம், அதிகாரம் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்தால் உறவு நிலைக்குமா, கெடுமா? நிலைக்கும் என்கிற அணியில் அடுத்த ஆள் வாங்கம்மா."

நடுவர் அண்ணாச்சிக்கும், மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கிற மார்த்தாண்டத்து வியாபாரிகளுக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய ஹார்டுவேர்கடை அண்ணாச்சி, "பெத்த பிள்ளைக்குச் சம்பளம் போட்டா அவன் கூலிக்காரன் ஆயிருவான்" என்று சொன்னதும் கைதட்டல் வந்ததே, அதில் பாதி நியாயம்தான். சம்பளத்தை மட்டும் கொடுத்துவிட்டு என்ன வேலை, எது வரைக்கும் அவன் முடிவு என்று சொல்லாமல் விட்டால் நிச்சயமாகக் கூலிக்காரன்தான் ஆவான். மீதிப் பாதியை எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன், என் கொழுந்தன் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், தப்பாகச் சொன்னால் எழுந்து சொல்லட்டும்.

குலசேகரம் பக்கம் எங்கள் மாமாவுக்கு ரப்பர் வியாபாரம். ஷீட்டும் ஒட்டுப்பாலும் சின்னத் தோட்டக்காரர்களிடம் வாங்கி, தரம் பிரித்து, லாரி ஏற்றி விடுவோம். நான் கணக்கு எழுதுவேன். கொழுந்தன் எட்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், வந்த மூன்றாம் நாள் மாமா "கடையில வந்து உக்காருலே" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. எங்கே உட்கார, என்ன செய்ய, யாரைக் கேட்க என்று ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஆனி மாசம் அடைமழை. ஒருத்தர் 300 கிலோ ஷீட் கொண்டு வந்தார். கொழுந்தன் மேலே இருந்த நாலைந்து ஷீட்டைப் பார்த்துவிட்டு நாலாம் தரம் என்று கிலோ 168 ரூபாய்க்கு எடுத்துவிட்டார், ஆக 50,400 ரூபாய். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், உள்ளே சரியாகக் காயாத இடம் வெள்ளையாய்த் திட்டுத்திட்டாய்த் தெரியும். அவர் தூக்கிப் பிடிக்கவில்லை. நாங்கள் மறுபடியும் புகை போட்டுக் காயவைத்ததில் 9 கிலோ போனது, பூஞ்சை பிடித்ததால் தரமும் ஒரு படி இறங்கி, 291 கிலோ 162 ரூபாய்க்குத்தான் போயிற்று. கணக்குப் போட்டால் 3,258 ரூபாய் நட்டம், புகைக்கூலி தனி.

பணம் பெரிசில்லை. எனக்கு உறுத்தியது வேறு. எங்கள் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தரம் பிரிக்கிறவர் ஒருவர் உண்டு, எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம், ஷீட்டைத் தொட்டாலே ஈரம் சொல்லுவார். அவர் அன்று பக்கத்தில்தான் நின்றார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் ஆசானே என்று பிறகு கேட்டேன். "முதலாளி மகன் வெல சொல்லியாச்சு, நான் எந்த வாயால மறுக்கது?" என்றார். நடுவர் அண்ணாச்சி, எங்கள் அணியின் மொத்த வாதமும் இதுதான். கடையிலே அதிகம் தெரிந்த ஆள் வேலைக்காரர், கற்றுக்கொள்ள வந்த ஆள் முதலாளி வீட்டுப் பிள்ளை, இவனைத் திருத்த அவருக்கு அதிகாரம் உண்டு என்று பெரியவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லாத வரைக்கும் அவர் வாயைத் திறக்க மாட்டார். வீட்டுப் பிள்ளை கூடவே நிற்பான், ஆனால் ஒன்றும் கற்க மாட்டான்.

அன்றைக்கு மாமா என்ன செய்தார் தெரியுமா? லோடுமேன்கள், தோட்டக்காரர்கள் எல்லார் முன்னாலும் கொழுந்தனைச் சத்தம் போட்டார். அடுத்த நாள் முதல் யார் வந்தாலும் "அப்பா உண்டா?" என்றுதான் கேட்டார்கள். இளையவர் சொன்ன விலை பிடிக்கவில்லை என்றால் பெரியவரிடம் போய் ஒரு ரூபாய் கூட வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரே நாள், ஒரே ஷீட், ரெண்டு விலை.

சம்பளக் கதை இன்னும் வேடிக்கை. தேவைப்பட்டபோது கல்லாவில் எடுத்துக்கொள், இதுதான் ஏற்பாடு. ஒரு நாள் 500, ஒரு நாள் 2,000, பெட்ரோல், பிள்ளை ஃபீஸ். என் கணக்கில் அது 'சில்லறைச் செலவு' என்று போய்விடும். கட்டுமானக் கடன் கேட்டு பேங்குக்குப் போனார், "மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் "கட நம்மளுதாக்கும் சார்" என்று பதில் சொன்னாராம்! அதே நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு உள்ளுக்குள்ளே, தம்பி எவ்வளவு எடுக்கிறான் என்று ஒரு முள். கொழுந்தனுக்கு, அண்ணன் எவ்வளவு எடுக்கிறார் என்று ஒரு முள். ரெண்டு பேருமே நியாயமாகத்தான் எடுத்தார்கள், பிறகு நான் கூட்டிப் பார்த்தேன். ஆனால் எண் தெரியாததால் ரெண்டு பேரும் மனசுக்குள் பெரிசாகவே கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பொங்கலுக்கு மறுநாள் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு பக்கம் எழுதினோம். முதலில் வேலை. ஆறு மாசத்துக்கு ஆசான் தரம் சொல்லித்தருவார், ஷீட் விஷயத்தில் அவர் சொன்னதே முடிவு. மாமா அதை மறுநாள் காலையில் லோடுமேன்கள் முன்னாலேயே சொன்னார், அது எழுதியதைவிடப் பெரிய வேலை செய்தது. தினமும் காலையில் கலந்துகிடக்கிற 50 ஷீட்டைக் கொழுந்தன் தனியாகப் பிரிப்பார், பிறகு ஆசான் பிரிப்பார், எத்தனை மாறுகிறது என்று நான் எழுதி வைப்பேன். முதல் நாள் 14. ஒரு வாரம் தொடர்ந்து மூணுக்குக் கீழே வந்தால்தான் விலை சொல்ல விடுவது என்று பேச்சு. ரெண்டாம் மாசமே வந்துவிட்டது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆசான் மட்டும் தலையாட்டவில்லை. "இது வெயில் காலத்து ஷீட்டாக்கும், மழை வரட்டும்" என்றார். தை, மாசியில் இலை உதிரும்போது பால் குறைவு, வருகிற ஷீட்டும் நன்றாகக் காய்ந்து வரும், அதை மட்டும் பார்த்துப் பழகியவனுக்கு மழைக்கால ஈரம் பிடிபடாது. அவர் சொன்னபடியே முதல் மழைக்கு மாறுபாடு 9 ஆகிவிட்டது. அதனால் ஆறு மாசப் பயிற்சி எங்களுக்குப் பத்து மாசம் ஆயிற்று. உங்கள் தொழிலில் மழைக்காலம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் சம்பளம். இந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்போம் என்று கேட்டோம், பயிற்சிக் காலத்துக்கு 15,000, விலை சொல்லத் தொடங்கியதும் 22,000. பேங்க் கணக்கில்தான் போடுவது. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாக ஏற்க மாட்டார்கள், மகன் என்பதற்காகச் சந்தை நிலவரத்துக்கு மேலே அள்ளிக் கொடுத்தால் மிஞ்சியதையும் தள்ளிவிடுவார்கள் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். வீட்டு அரிசி, கரண்டு, பிள்ளை ஃபீஸ் எல்லாம் மாமாவின் வீட்டுச் செலவு, அது தனி நோட்டு. சம்பளம் வேலைக்கு, லாபம் முதல் போட்டவருக்கு, சோறு பிள்ளைக்கு. மூன்றும் ஒரே கல்லாவில் கிடந்ததால்தான் எங்களுக்கு அவ்வளவு முள்.

(தோவாளையிலிருந்து வந்திருந்த ஒரு அத்தை இங்கே குறுக்கிட்டார்: "எம் மவன் பூக்கடையில நாலு மணிக்கு எழும்ப மாட்டான் மக்களே, அதுக்கு என்ன தாளு எழுதணும்?")

அத்தே, அதற்குத் தாள் உதவாது, கேட்ட கேள்வியே வேறு! ஆனால் நாலு மணிக்கு வந்தால் இவ்வளவு, வராத நாளுக்கு இல்லை என்று ஒரு மாசம் வைத்துப் பாருங்கள். வரமாட்டான் என்றால் அவனுக்கு அந்தக் கடை வேண்டாம் என்றாவது தெரிந்துவிடும்.

("செரி, உனக்குச் சம்பளம் உண்டா மக்களே?")

இதைத்தான் என் மைனியும் அன்று கேட்டார். ஆறு வருஷம் சும்மா எழுதினேன். அதே தாளின் கடைசி வரியில் எனக்கு 12,000 என்று என் வீட்டுக்காரர் எழுதினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூணாவது அதிகாரம், அதுதான் கஷ்டம். ரப்பர் வாரியத்தின் அன்றைய கோட்டயம் விலையைப் பார்த்து, கடை வைத்திருக்கிற விலைக்கு ரெண்டு ரூபாய் மேலே கீழே கொழுந்தன் யாரையும் கேட்காமல் சொல்லலாம். தோட்டக்காரருக்கு முன்பணம் 10,000 வரைக்கும் அவரே கொடுக்கலாம், அதற்கு மேலே அண்ணனைக் கேட்கணும். ஆளை நிறுத்துவது, புது ஆள் எடுப்பது மாமா மட்டும். இதெல்லாம் எழுத அரை மணி நேரம்தான். மாமாவுக்கென்று எழுதிய ஒரே ஒரு வரி இருக்கிறதே, "என்கிட்டே வந்து விலை கேட்டால், தம்பிகிட்டே கேளுங்க என்று சொல்வேன்" என்று, அதை அவர் முதல் மாசத்திலேயே மூன்று தடவை மீறினார். பழைய ஆள், பத்து மூட்டைக்காரர், முகத்துக்கு எதிரே எப்படி மறுக்க என்பார். நாங்கள் சண்டை போடவில்லை. மாமா சொல்லிவிட்ட கூடுதல் விலையை அவர் பங்கிலே எழுதினேன், கொழுந்தன் கணக்கிலே ஏற்றவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் குறைந்தது. இப்போது தோட்டக்காரர் "சின்ன முதலாளி உண்டா?" என்று கேட்டால் கொழுந்தனுக்குப் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். "அப்பா உண்டா?" என்று கேட்டால் எங்கேயோ யாரோ தாண்டியிருக்கிறார்கள்.

எதிரணி அண்ணாச்சி, நீங்கள் சொன்னீர்கள், உங்கள் அப்பா தாளே இல்லாமல் அடித்துத்தான் வியாபாரம் பழக்கினார் என்று. ஒத்துக்கொள்கிறேன், ஒரே மகன், ஒரே கல்லா என்றால் அது ஓடும், அங்கே கணக்குக் கேட்க ஆளில்லை. ரெண்டாவது மகன் வந்த அன்று அது நின்றுவிடும். உங்களுக்கு ரெண்டு பிள்ளைகள்தானே? போன மாசம் இளையவர் கல்லாவில் எவ்வளவு எடுத்தார்? ஒரே ஒரு எண். சொல்லுங்கள்... சிரிக்கிறார், நடுவர் அண்ணாச்சி, குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலும் எல்லாம் எழுதி முடிந்துவிடவில்லை. லாபத்தில் பங்கு என்று வரும்போது, தான் இருந்த வருஷங்களுக்கு என்ன கணக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார், வளைகுடாவிலிருந்து அனுப்பிய காசில்தான் புகைக்கூடம் கட்டினீர்கள் என்று கொழுந்தன் கேட்கிறார், ரெண்டும் உண்மை. அந்த வரி மட்டும் காலியாகக் கிடக்கிறது. தாள் கடை பீரோவிலே இருக்கிறது, சாவி என்னிடம். மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.