விலகலாம் என்று எழுதினால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் ஒரு பந்தியை வாசிக்கிறேன். வேகமாக வாசிக்க மாட்டேன். நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்டாலும் சரி, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே கேட்டாலும் சரி.

"இவ்வாய்வில் பங்குபற்றுதல் முற்றிலும் சுயவிருப்பின் பேரிலானதாகும். பங்குபற்றுநர் எவ்வேளையிலும், காரணம் எதனையும் கூறாது, தமக்குக் கிடைக்கப்பெறும் மருத்துவப் பராமரிப்பிற்கு எவ்வித பாதிப்புமின்றி விலகிக்கொள்ளும் உரிமையினைக் கொண்டுள்ளார். எனினும், விலகுவதற்கு முன்னர் சேகரிக்கப்பட்டு அடையாளம் நீக்கப்பட்ட தரவுகள் தொடர்ந்து பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்படலாம்."

இது ஒரு சம்மதப் படிவத்தில் உள்ள பந்தி. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர்களிடம் இரண்டு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கிற ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு முறை, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. இப்படியான படிவத்தை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட ஒருவரின் கையில் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறோம்.

நான் மருத்துவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழுக்களில் மருத்துவத் துறை சாராத ஒருவரும் இருக்க வேண்டும். அந்தக் கதிரையில் இருப்பவள் நான். ஆய்வின் விஞ்ஞானத்தை மற்றவர்கள் பார்ப்பார்கள், நான் இந்தத் தாளைப் பார்ப்பேன்.

இந்தப் பந்தியில் பிழை எதுவும் இல்லை. இருக்க வேண்டிய எல்லாம் இருக்கிறது. எளிதாக்கித் தாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் என்ன வரும் தெரியுமா? 'எவ்வேளையிலும்' என்பது 'எப்போதும்' ஆகும், 'தரவுகள்' என்பது 'தகவல்கள்' ஆகும், 'பங்குபற்றுநர்' 'நீங்கள்' ஆவார். வாசிக்க இலகுதான். ஆனால் விளங்க வேண்டியது இன்னும் விளங்காது. ஏனென்றால் இந்தப் பந்தியில் ஆளே இல்லை. யாரிடம் போய் 'நான் விலகுகிறேன்' என்று சொல்வது? எடுத்த இரத்தத்தை யார் வைத்திருக்கிறார்? பாதிப்பு வராது என்று யார் பொறுப்பு எடுக்கிறார்? செய்கிற ஆளை மறைத்து எழுதுவது நம்முடைய கந்தோர்த் தமிழின் பழைய பழக்கம். 'அறிவிக்கப்படுகிறது', 'கோரப்படுகின்றீர்கள்' என்று எழுதியே பழகிவிட்டோம். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்று நேரம் போதாது, விடுகிறேன்.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். அந்தப் பந்தியைச் சாதாரண ஆளுக்கு விளங்கும்படி எழுத உட்கார்ந்தால், யார், எப்போது, எதுவரைக்கும் என்று கேட்க வேண்டி வரும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் பந்தியில் இருக்காது. பல நேரம் ஆய்வாளரிடமும் இருக்காது. எளிமையாக எழுதப் போய்த்தான் ஆய்வின் திட்டத்திலேயே இருக்கிற ஓட்டை தெரியவரும்.

படுவான்கரைப் பக்கம் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். படிவம் எழுதி முடிந்ததும், ஆய்வில் சேராத, ஆனால் சேருகிறவர்களைப் போன்ற சிலரிடம் அதை வாசித்துக் காட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். அப்படி ஒரு வாசிப்புக்கு நானும் போயிருந்தேன். அறுபது தாண்டிய ஒரு பெத்தா வந்தார். கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி, அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆய்வு உதவியாளர் பிள்ளை பந்தியை வாசித்துவிட்டு, "விளங்குதா அம்மா?" என்று கேட்டது. "ஓம் மகள்." அடுத்த பந்தி. "விளங்குதா?" "ஓம் மகள்." நாலு பக்கமும் ஓம். அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம்.

'விளங்குதா' என்று கேட்டால் நம் ஊரில் யாராவது இல்லை என்பார்களா? எதிரில் இருப்பது படித்த பிள்ளை. வெள்ளைத் தாள் வைத்திருக்கிறது. இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு மரியாதைக் குறைவு, தனக்கும் வெட்கம். அதனால் ஓம். இந்த ஓம் மரியாதைக்குச் சொன்னது, விளங்கியதற்குச் சொன்னதல்ல. இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. 'விளங்குதா' என்ற கேள்வியால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நான் பிள்ளையிடம் சொல்லிக் கேட்கும் முறையை மாற்றச் சொன்னேன். "பெத்தா, நான் சரியாகச் சொன்னேனோ என்று பார்க்க வேணும். நாளைக்கு உங்களுக்கு இது வேண்டாம் என்று மனம் மாறினால் என்ன செய்வீங்க?" இப்படிக் கேட்டால் சோதனை வைப்பது தாளுக்கு, ஆளுக்கு அல்ல. பெத்தா கொஞ்சம் யோசித்தார். "என்ன செய்யிற, வருவன்தான். வராட்டி டொக்டர் ஐயா கோவிப்பார். பிறகு குளிசை தருவாங்களா?"

'எவ்வித பாதிப்புமின்றி' என்று வாசித்து ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

அடுத்த கேள்வி. "நீங்க விலகினால், அதுக்கு முதல் எடுத்த இரத்தம் என்ன ஆகும்?" பெத்தா சிரித்தார். "எடுத்த ரெத்தத்தத் திருப்பி ஏத்தவா போறீங்க?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அதில என்ட பேர் இரிக்கா?"

அந்தப் பந்தியின் கடைசி வாக்கியம் முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் பதில். ஆனால் கேள்வியை அது எங்கேயும் சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்டவர்களில் இதைச் சரியாகப் பிடித்தவர் அந்தப் பெத்தாதான்.

பிறகு ஆய்வாளரோடு உட்கார்ந்தோம். முதல் கேள்வி, விலக நினைக்கிறவர் யாரிடம் சொல்ல வேண்டும்? 'எங்களிடம்' என்றார் அவர். அவரே அந்தக் கிளினிக்கில் மருந்து எழுதுகிறவர். மருந்து எழுதுகிற கையிடம் போய் வேண்டாம் என்று யார் சொல்வார்? இது எங்கள் ஊர்ப் பயம் மட்டும் அல்ல. உலக மருத்துவச் சங்கம் 1964இல் கொண்டுவந்த ஹெல்சிங்கிப் பிரகடனத்திலும் இதைப் பற்றி இருக்கிறது. நோயாளி மருத்துவரில் தங்கியிருக்கிற நிலையில் இருந்தால், சம்மதம் கேட்பவர் அந்த உறவுக்கு வெளியே நிற்கிற, தகுதியான வேறு ஒருவராக இருக்க வேண்டும் என்கிறது அது. அப்புறம் 2024இல் அதைத் திருத்தியபோது, பங்குபற்றுகிறவருக்கு எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். ஆகவே சம்மதம் கேட்கிற வேலை கிளினிக்கோடு தொடர்பில்லாத உதவியாளருக்குப் போனது. விலகுவதைச் சொல்லவும் அவருடைய போன் நம்பர்தான். காசு போடாமல் மிஸ்கோல் கொடுத்தாலே போதும், அவர் திருப்பி எடுப்பார் என்று முடிவானது.

இரண்டாவது, அந்த 'எனினும்'. அதிலிருந்துதான் பந்தியில் கசப்பான பகுதி தொடங்குகிறது. எளிமையாக்குகிறோம் என்று சொல்லி இதைத் தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று முடித்துவிடுவார்கள். கேட்க இனிமைதான், ஆனால் முழு உண்மை அல்ல. இரத்தக் குழாயில் பெயர் இராது, ஒரு இலக்கம்தான் இருக்கும். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பட்டியல் இருக்கும்வரை ஒருவருடையதைத் தேடி எடுத்துவிடலாம். பட்டியலை அழித்த பிறகு ஆய்வாளருக்கே தெரியாது. அப்படியானால் பட்டியலை எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டோம். அவருடைய திட்டத்தில் அதற்குத் திகதியே இல்லை. பேசி, ஆறு மாதம் என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகுதான் எழுதவே முடிந்தது. இப்படி:

"இந்த ஆய்வில் சேர்வதும் சேராமல் விடுவதும் உங்கள் விருப்பம். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் நிறுத்தலாம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. சேராவிட்டாலும், இடையில் நிறுத்தினாலும், கிளினிக்கில் உங்களுக்கு இப்போது கிடைக்கிற குளிசையும் கவனிப்பும் அப்படியே கிடைக்கும். நிறுத்த நினைத்தால் கீழே உள்ள நம்பருக்கு மிஸ்கோல் கொடுங்கள். நாங்கள் எடுப்போம். டொக்டரிடம் சொல்லத் தேவையில்லை.

நிறுத்திய பிறகு உங்களிடம் இரத்தம் எடுக்க மாட்டோம். அதற்கு முதல் எடுத்த இரத்தத்தில் உங்கள் பெயர் இருக்காது. ஒரு இலக்கம் மட்டும் இருக்கும். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியலை ஆறு மாதம் பூட்டி வைப்போம். அதற்குள் கேட்டால் உங்களுடையதை எடுத்துவிடுவோம். ஆறு மாதத்துக்குப் பிறகு பட்டியலை அழித்துவிடுவோம். அதன் பிறகு எது உங்களுடையது என்று எங்களுக்கே தெரியாது. எடுக்கவும் முடியாது."

கேட்டவுடனே கவனித்திருப்பீர்கள், இது பழையதை விட நீளம். ஆய்வாளர்கள் இதைத்தான் முறையிடுவார்கள். எளிமை என்றால் சுருக்கம் என்று நினைத்திருந்தேனே, டீச்சர் என்பார்கள். சுருக்கமாக இருந்தது பதில்களை விட்டுவிட்டதால்தான். நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் ஆய்வின் பின்னணி, பல்கலைக்கழகத்தின் பெருமை எல்லாம் ஒரு பக்கத்துக்கு இருக்கிறதே, அங்கே வெட்டலாம்.

இதில் ஒரு சின்னக் கவனம். 'குளிசையும் கவனிப்பும் அப்படியே கிடைக்கும்' என்று எழுதினால் மட்டும் போதாது. கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற தம்பி முதல் தாதியர் வரை அது தெரிந்திருக்க வேண்டும். விலகியவரை அடுத்த மாதம் யாராவது ஒருவர் 'நீங்கதானே அந்த ரெத்தம் குடுக்க மாட்டன் எண்ட ஆள்' என்று கேட்டால் போதும், எழுதினது பொய்யாகிவிடும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் வாசிப்பின் கடினத்தை அளக்கச் சூத்திரங்கள் இருக்கின்றன. வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணிக் கணக்குப் போடுவது. சிலர் தமிழ்ப் படிவத்தையும் அதில் போட்டுப் பார்க்கிறார்கள். நம் மொழியில் விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதைச் சின்னப் பிள்ளையும் பேசும், அந்தக் கணக்கில் அது பயங்கரமான சொல். ஆகவே இலக்கம் வேண்டாம், ஆளிடம் வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். புதிய பந்தியை வேறு சிலரிடம் வாசித்தபோது, 'மிஸ்கோல் குடுப்பன்' என்று பதில் வந்தது. ஆறு மாத விஷயம் சிலருக்கு இரண்டாம் தரம் வாசித்த பிறகுதான் பிடிபட்டது. அதனால் அந்த இடத்தில் நிறுத்தி ஒரு முறை கேட்க வேண்டும் என்று உதவியாளரின் தாளில் குறித்துக்கொண்டோம். மாற்றிய தாள் திரும்பவும் குழுவுக்கு வந்து, புதிய திகதி போட்டு, அதே மாற்றம் சிங்கள, ஆங்கிலப் படிவங்களிலும் ஏறிய பிறகுதான் பாவனைக்குப் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். எழுத வாசிக்கத் தெரியாதவரின் பெருவிரல் அடையாளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசத்தான் நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். விரல் அடையாளம் வைக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். அவர் ஆய்வுக் குழுவைச் சேராதவராக இருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கினால் அது சாட்சி ஆகாது, வாசிக்கத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவர் அங்கே இருக்க வேண்டும். அயல் வீட்டுக்காரர் நல்லது. குடும்பத்தவர் என்றால் சில நேரம் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். தாளின் ஒரு பிரதியைக் கட்டாயம் அவரிடம் கொடுங்கள். அந்த போன் நம்பர் பெரிய எழுத்தில், மேலேயே இருக்கட்டும், வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பார்த்து எடுத்துக் கொடுக்கும். மிச்சத்தை நிலையம் இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.