முப்பது விநாடியில் ஒரு பிடி கொழுந்து

நேயர்களுக்கு வணக்கம். அட்டனில் பல வருடங்களாக வேலை தேடும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகவும் உதவி வருகிறேன். அண்மைக் காலமாக என்னிடம் வருகிறவர்கள் புதிதாக ஒன்று கேட்கிறார்கள். "சேர், இணையத்தில் என் தொழில் விவரப் பக்கத்தில் முப்பது விநாடி வீடியோ ஒன்று போடணுமாம். அதில என்ன பேசுறது?" இன்றைக்கு அந்த முப்பது விநாடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கமரா, எடிட்டிங் எல்லாம் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. என்ன பேசுவது, அதை எப்படி எழுதுவது என்பதுதான் என் கவலை.

முதலில் முப்பது விநாடி என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் அறுபத்தைந்து, எழுபது சொல் போகும். தமிழில் அவ்வளவு போகாது. நம்முடைய சொற்கள் நீளமானவை. "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பது எண்ணிக்கையில் ஒரு சொல்தான், ஆனால் வாய்க்கு அது நாலு சொல்லின் வேலை. என் கணக்குப்படி தமிழில் நாற்பது, நாற்பத்தைந்து சொல்தான். வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள், தெரியும். நாற்பத்தைந்து சொல் என்பது ஐந்து வசனம். அவ்வளவுதான் இடம்.

இனி ஒரு தம்பியின் கதைக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் முக்கால்வாசி அந்தக் கதைதான்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். தேயிலை ஸ்டோரில் நாலு வருடமாக வேலை. கொழும்பில் தேயிலை வாங்கி ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் தரம் பார்க்கும் பகுதியில் சேர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தான் எழுதியதைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். இப்படித் தொடங்கியது: "அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள். நான் நுவரெலியா மாவட்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவன். க.பொ.த. உயர்தரத்தை வர்த்தகப் பிரிவில் நிறைவுசெய்துள்ளேன்..." அப்படியே போய், "கடின உழைப்பாளி, எந்தச் சூழலிலும் குழுவாக இணைந்து செயற்படக்கூடியவன்" என்று முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பத்தெட்டு விநாடி. அதில் தேயிலை என்ற சொல் முதல் தடவையாக வந்தது இருபதாவது விநாடிக்குப் பிறகு.

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்தப் பக்கத்தைத் திறப்பவருடைய கண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே இவருடைய பெயர் இருக்கிறது. ஊர் இருக்கிறது. படிப்பு, வேலை செய்த இடம், வருடம் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. அதையே வாயாலும் சொன்னால் வீடியோ எதற்கு? எழுத்தில் வராத ஒன்றைச் சொல்லத்தானே வீடியோ. அப்புறம் அந்தக் "கடின உழைப்பாளி". பக்கத்து லயத்துப் பிள்ளையும் அதே வசனத்தைத் தன் வீடியோவில் சொல்லலாம், ஒரு எழுத்தும் மாற்றத் தேவையில்லை. யாருக்கும் பொருந்துகிற வசனம் இவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை வெட்டினோம்.

தாளை மடித்து மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, சும்மா பேச்சுக் கொடுத்தேன். "தம்பி, காலையில ஸ்டோருக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

"மேல போய் வாட்டுற தொட்டியில கொழுந்தைப் பார்ப்பேன் சேர்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

கையை நீட்டிக் காட்டினார். "ஒரு பிடி அள்ளி இறுக்கி அமுக்குவேன். கையைத் திறந்ததும் உருண்டையா அப்படியே நிக்கணும், மெதுவாத்தான் பிரியணும். பொசுக்குன்னு விரிஞ்சிடுச்சுன்னா வாடல் போதாது. அதை ரோலருக்கு அனுப்பினா சாறு ஒழுகிப் போயிடும். தேத்தண்ணி சாயமில்லாம வரும்."

இதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை வானொலியில் காட்ட முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. தாளை வாசித்தபோது குனிந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது. குரல் மாறிவிட்டது. கை தானாக அசைந்தது, ஐந்து விரலும் மூடித் திறந்தன. "மழைக்காலத்துல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். கொழுந்து நனைந்து வரும், காற்றிலும் ஈரம், வாட மறுக்கும். எவ்வளவு கனமாகப் பரப்புவது, எப்போது சூடான காற்றை விடுவது, இன்னும் எத்தனை மணித்தியாலம் காத்திருப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எழுதிக் கொண்டுவந்த தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

ஏனென்று கேட்டேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சேர்" என்றார். அதுதான் பிரச்சினை. ஸ்டோரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பக்கத்தைத் திறக்கிறவர் கொழும்பில் இருக்கிறார். இத்தனை தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. தினமும் செய்வதால் நமக்குச் சாதாரணமாகப் போன வேலைதான் பெரும்பாலும் அந்த முப்பது விநாடிக்கு வேண்டியது. ஆசிரியராக இருந்தாலும், கணக்குப் பார்ப்பவராக இருந்தாலும், தையல் வேலை செய்பவராக இருந்தாலும் இதே கேள்விதான்: காலையில் வேலைக்குப் போனதும் உங்கள் கை முதலில் எதைத் தொடுகிறது? ஏன் அதைத் தொடுகிறது?

சற்றுமுன் வானொலியைத் திறந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்கிறேன். தொழில் விவரப் பக்கத்தில் போடும் முப்பது விநாடி வீடியோவுக்கு எழுதுவது பற்றிப் பேசுகிறோம். தமிழில் நாற்பத்தைந்து சொல். பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத் திரும்பச் சொல்லக் கூடாது.

சரி, அந்தத் தம்பியும் நானும் கடைசியில் எழுதியதை வாசிக்கிறேன், கேளுங்கள்.

"கொழுந்து வாடியது போதுமா என்று கையால் பிடித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்து வந்தால், வாட்டும் நேரத்தை மாற்றி, தேநீரின் சாயம் வெளுக்காமல் பார்த்துக்கொள்வேன். இப்போது தேயிலை வாங்கும் நிறுவனமொன்றில் தரம் பார்க்கும் வேலை தேடுகிறேன். ஒரு மாதிரித் தேயிலையைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்."

நாற்பத்துமூன்று சொல். அவர் பேசியபோது இருபத்தேழு விநாடி. மிச்சம் மூன்று விநாடி சும்மா இருக்கட்டும். பேசத் தொடங்குமுன் ஒரு மூச்சு, முடித்தபின் ஒரு பார்வை, அதற்கு இடம் வேண்டும்.

இதில் பெயர் இல்லையே என்று கேட்பீர்கள். அவருடைய அம்மாவும் கேட்டாராம், "வணக்கம்கூடச் சொல்லலையே" என்று. வணக்கம் சொல்லலாம், ஒரு சொல்தான். அந்த அம்மாவுக்காக அதையும் சேர்த்துக்கொண்டோம். பெயர் வீடியோவுக்குப் பக்கத்திலேயே எழுத்தில் இருக்கிறது. ஆனால் முதல் ஐந்து, ஆறு விநாடிக்குள் என்ன வேலை என்பது வந்துவிட வேண்டும்.

இதில் தமிழுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. நம் மொழியில் வினை வசனத்தின் கடைசியில் வருகிறது. "நான் பொகவந்தலாவையில் உள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் கடந்த நான்கு வருடங்களாகக் கொழுந்து வாட்டும் பகுதியில்..." என்று இழுத்தால், பார்ப்பவர் இவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள வசனம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அவர் காத்திருக்க மாட்டார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதனால் முதல் வசனம் பத்துச் சொல்லைத் தாண்ட வேண்டாம்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. கமராவுக்கு முன்னால் நின்றால் பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும். வேகம் கூடினால் முதலில் விழுங்கப்படுவது வசனத்தின் வால். தமிழில் அந்த வாலில்தான் வினை இருக்கிறது. "வேலை தேடுகிறேன்" என்பது "வேலை தே..." என்று கரைந்துவிடும். இவருக்கும் முதல் நாலு தடவை அப்படித்தான் ஆனது. இருபத்தொரு விநாடியில் முடித்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தார். திரும்பப் போட்டுக் கேட்டால் எந்த வசனத்துக்கும் முடிவில்லை. நேரம் மிஞ்சினால் சொல் சேர்க்கப் போகாதீர்கள். வாலை முழுசாகச் சொன்னீர்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சுலபமாகப் பிடிபடும்.

எழுதும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேனாவை எடுக்காதீர்கள். உங்கள் வேலை தெரியாத ஒருவரை முன்னால் உட்கார வைத்து, காலையில் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலைப் போனில் பதிவு செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடம் வரும். அதைக் கேட்டு, அதிலிருந்து ஐந்து வசனத்தைப் பொறுக்கி எழுதுங்கள். "பிறப்பிடமாகக் கொண்டவன்" என்று யாரும் வாயால் பேசுவதில்லை, அது தாளில் மட்டும் பிறக்கிற வசனம். எழுதியதை நின்றுகொண்டு சத்தமாக வாசியுங்கள். இரண்டு தடவை நாக்குத் தடுக்கிய இடத்தில் சொல்லை மாற்றிவிடுங்கள்.

தாளைக் கையில் வைத்து வாசித்தால் கண் கீழே போகும். அந்தத் தம்பிக்கு நாலு சொல் மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, போனின் கமராவுக்கு ஒட்டினாற்போல் கீழே ஒட்டினோம்: கொழுந்து, மழை, கொழும்பு, மாதிரி. போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்த அரிசி டின் ஒன்று போதுமாயிருந்தது. ஜன்னல் அவருக்கு முன்னால் இருந்தது. முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும். நம்மூரில் தகரக் கூரைதான் தொல்லை. மழை விழுந்தால் குரல் கேட்காது, அதற்கு மழை விடும்வரை காத்திருப்பதுதான் வழி. அன்று நாங்கள் பின்னேரம் மூன்று மணி வரைக்கும் காத்திருந்தோம்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் மிச்சம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பலர் பஸ்ஸில், அலுவலகத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே பேசுவதை எழுத்தாகவும் கீழே போடுங்கள். தானாக எழுத்து வரும் வசதியை நம்பி அப்படியே விடாதீர்கள். தமிழில் அது தோட்டத்துப் பெயர்களை உருமாற்றிவிடும், ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். இரண்டு, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேச வேண்டியிருந்தால் தமிழில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். அந்த மொழியிலும் யாராவது கேள்வி கேட்க, பதில் சொல்லி, அதிலிருந்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொல் கூட இடமிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தில் படிப்பையும் பட்டத்தையும் திரும்பக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அந்த ஒரு பிடி கொழுந்தை இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.