பத்தாவது கட்டிங் இலவசம்: யார் பணம்?

நேயர்களுக்கு வணக்கம். நான் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். சலூன் கடைகளில் இப்போது அட்டை கொடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒன்பது முறை முடிவெட்டிக்கொண்டால் பத்தாவது முறை இலவசம். ‘பத்துக்கு ஒன்றுதானே, பத்து சதவீதம் போனால் போகட்டும்’ என்று கடைக்காரர் நினைக்கிறார். அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து போகிறது என்று பார்ப்போம்.

நம் ஊர்த் தெருமுனையில் மூன்று நாற்காலி போட்ட ஒரு கடையை வைத்துக்கொள்வோம். கட்டிங் 150 ரூபாய். மாதம் 600 பேர் வருகிறார்கள். சேவிங், டை எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். வசூல் 90,000. பல கடைகளில் வேலைக்காரருக்குப் பாதிப் பங்கு, அப்படிப் பார்த்தால் 45,000 போய்விட்டது. பிளேடு, நுரை, பவுடர், துண்டு வெளுப்பதற்கு ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால் 6,000. வாடகை, கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து 19,000. முதலாளி கையில் நிற்பது 20,000.

இப்போது எல்லோருக்கும் அட்டை கொடுத்தாயிற்று. 600 கட்டிங்கில் 60 இலவசம். வேலைக்காரர் இலவசமாக வெட்ட மாட்டார், அவருக்கு 75 கொடுத்தே ஆக வேண்டும். பிளேடும் இலவசமாக வராது, வாடகையும் குறையாது. ஆகவே 60 பேரின் 150 ரூபாயும், அதாவது 9,000 ரூபாய், முழுக்க முழுக்க முதலாளியின் 20,000-இலிருந்துதான் போகிறது. மீதி 11,000. வசூலில் பத்து சதவீதம் என்று நினைத்தது வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி.

‘அட்டை கொடுத்தால் கூட்டம் கூடுமே’ என்பீர்கள். கூடட்டும். ஆனால் பழைய 20,000-ஐ எட்ட 600 பேர் 780 பேராக வேண்டும். மாதம் 180 பேர் கூடுதல். அட்டைக்காக யாருக்கும் முடி சீக்கிரம் வளரப்போவதில்லை. மாதம் ஒருமுறை தவறாமல் வருகிற பெரியவர் அட்டை இல்லாவிட்டாலும் வருவார். அவருக்குக் கொடுக்கும் இலவசம் நன்றிக் கடனாக இருக்கலாம், வியாபாரம் ஆகாது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? விலைப்பலகையில் பெரிதாகவும் நம் செலவில் சிறிதாகவும் இருப்பதைக் கொடுக்க வேண்டும். எண்ணெய் போட்டுத் தலை மசாஜ் இதற்குச் சரியாக இருக்கும். பலகையில் 100 ரூபாய். எண்ணெய் ஐந்து ரூபாய், பத்து நிமிட வேலைக்கு வேலைக்காரருக்கு முப்பது ரூபாய், ஆக 35. வாடிக்கையாளர் கட்டிங்குக்குப் பணம் கொடுக்கிறார், அதில் பங்கும் சாமானும் போக 65 நிற்கிறது. மசாஜ் போனாலும் 30 மிச்சம். இலவசக் கட்டிங்கில் அன்றைக்கே கைப்பணம் 85 போய்விடும். ஆனால் ஏற்கெனவே காசு கொடுத்து மசாஜ் செய்துகொள்கிறவருக்கு இதைக் கொடுத்துவிடாதீர்கள், வந்துகொண்டிருந்த வருமானத்தையே அடைத்ததாகிவிடும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு சாதாரண நோட்டுப் போதும். பெயர், போன் நம்பர், வந்த தேதி. மூன்று மாதம் எதையும் கொடுக்காமல் நோட்டு மட்டும் எழுதுங்கள். அதிலேயே இரண்டு வகை ஆட்கள் தெரிவார்கள். ஒருமுறை வந்து திரும்பாதவர் ஒரு வகை. 25 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்து, 40 நாளாகியும் காணாதவர் இன்னொரு வகை. சலுகை இந்த இரண்டு பேருக்குத்தான். காணாமல் போனவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் ‘அண்ணே, இந்த வாரம் வந்தா தலை மசாஜ் நம்ம கணக்குல’ என்று ஒரு வரி. எல்லோருக்கும் அனுப்பினால் அதுவும் பழைய அட்டைதான்.

அடுத்தது, ஆள் கூட்டி வருகிறவருக்குக் கொடுப்பது. வழக்கமான திட்டம், புதியவருக்கு 50 தள்ளுபடி, கூட்டி வந்தவருக்கும் 50. முதல் நாளே 100 போகிறது, வந்தது 65. ஒவ்வொரு புதிய ஆளும் கைநட்டம் 35 ரூபாயோடுதான் உள்ளே வருகிறார். அவர் மறுபடி வராவிட்டால் அந்த 35 போனது போனதுதான்.

இதையே மாற்றிச் செய்யலாம். முதல் வருகையில் யாருக்கும் எதுவும் இல்லை. புதியவரிடம் ஒரு சீட்டு கொடுத்து, யார் சொல்லி வந்தார் என்று கேட்டு, அப்படிச் சொன்னவரின் நம்பரை அதில் எழுதிவிடுங்கள். புதியவர் இரண்டாம் முறை வரும்போது அவருக்கு ஒரு மசாஜ், கூட்டி வந்தவருக்கு அடுத்த கட்டிங்கோடு ஒரு மசாஜ். இரண்டும் சேர்த்து 70. இரண்டு வருகையில் வந்தது 130. கையில் 60 நிற்கிறது, மூன்றாம் முறையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் முழு 65. புதியவர் திரும்பவே இல்லையென்றால் உங்களுக்குச் செலவு சீட்டுத்தாள் மட்டும்தான். ‘அவன் என்னாலதான் வந்தான்’ என்று பிறகு வந்து சொல்வதை ஏற்காதீர்கள். ஒரே வீட்டு ஆட்கள் கணக்கில் சேர மாட்டார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பா தன் மூன்று பையன்களையும் கூட்டி வந்து நிற்பார், அவர்கள் எப்படியும் வரக்கூடியவர்கள்தான்.

எந்த நேரத்தில் கொடுப்பது? நம் ஊரில் செவ்வாய் பல கடைகளுக்கு விடுமுறை. வெள்ளி, அமாவாசை, கிருத்திகையில் நிறையப் பேர் முடியில் கத்தி வைக்க மாட்டார்கள், அன்றைக்கு மசாஜ் என்று அழைத்தும் பயனில்லை. திங்கள், புதன், வியாழன் மாலை நான்கு மணிக்குள் என்று சீட்டில் அச்சடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் நாலு பேர் காத்திருக்கும்போது பத்து நிமிடம் மசாஜ் ஓடினால், ஒருவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போவார். அப்போது மசாஜின் விலை 35 இல்லை, 100 ரூபாய். தீபாவளி, பொங்கல் வாரங்களில் சீட்டு செல்லாது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

வேலைக்காரரின் முப்பது ரூபாயை அன்றிரவே கொடுத்துவிடுங்கள். ‘சலுகைதானே, நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு’ என்றால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் சீட்டோடு வருகிறவரிடம் ‘எண்ணெய் தீர்ந்துபோச்சுண்ணே, அடுத்த வாட்டி பாப்போம்’ என்பார். வாடிக்கையாளருக்குக் கோபம் கடைமேல்தான் வரும். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் கடையில் இந்தச் செலவு எண்ணெய் விலையோடு முடிந்துவிடும், அங்கே இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

சீட்டுகளுக்கு வரிசை எண் போட்டு, மசாஜ் முடிந்ததும் வாங்கி வையுங்கள். வாரம் ஒருமுறை சீட்டையும் நோட்டையும் ஒப்பிடுங்கள். நோட்டில் புதியவர் இரண்டாம் முறை வந்த தேதி இல்லாமல் சீட்டு மட்டும் இருந்தால் யாரோ நண்பருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, புதியவர்களில் இரண்டாம் முறை வந்தவர்களின் பங்கு, எதுவும் கொடுக்காத அந்த ஆரம்ப மாதங்களைவிடக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லையென்றால் திட்டத்தை நிறுத்திவிட்டு வெட்டும் கையைக் கவனியுங்கள், காத்திருக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே பத்தாவது இலவசம் என்று அட்டை கொடுத்துவிட்ட கடைக்காரர்கள் என்ன செய்வது? புதிய அட்டை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வெளியே இருக்கும் அட்டைகள் கடன் மாதிரி, அவற்றை மறுக்க முடியாது. ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிக் கடையில் எழுதி ஒட்டுங்கள். ஏழு, எட்டு முத்திரை வாங்கியவரிடம் கெடுவைக் காட்டிக் கறாராகப் பேசாமல், அவர் பத்தை முடிக்கும்வரை விட்டுவிடுங்கள்.